குளிசையா, முருங்கையிலை வறையா?

திருகோணமலையில் எங்கள் மாமா, நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடிப்பவர், "நுரையீரலுக்கு நல்லதாம்" என்று கரட்டிலும் முருங்கையிலை போன்ற கீரைகளிலும் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற சத்தின் குளிசைப் போத்தலோடு வந்து நின்றார்.

பாதுகாப்பு
குளிசை: பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித்தான் தொடங்கினார்கள். ஆனால் தினமும் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. புகைபட்ட நுரையீரலில் அதிக கரோட்டின் சிதைந்து கேடு செய்கிறது என்பது ஒரு விளக்கம்.
சாப்பாடு: கரட், பப்பாசி, கீரை சாப்பிடுவதில் இந்த ஆபத்து காணப்படவில்லை. தேவைக்கு ஏற்றபடிதான் உடல் பீட்டா கரோட்டினை விட்டமின் ஏ ஆக மாற்றும்.

உடலில் சேர்வது
குளிசை: எளிதில் சேரும், இங்கே அதுதான் சிக்கலே.
சாப்பாடு: வேகவைத்து, கொஞ்சம் கொழுப்போடு உண்ண வேண்டும். வறையில் போடும் தேங்காய்ப்பூ அதற்குப் போதும்.

செலவு
வேலி முருங்கைக்கு ஏது விலை!

புகைப்பவருக்கும், விட்டவருக்கும் சாப்பாடுதான். மல்டிவிட்டமின் வாங்கினாலும் லேபிளில் பீட்டா கரோட்டின் அளவைப் பாருங்கள். விட்டமின் ஏ குறைபாடு இருந்தால், புகைப்பதையும் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். மாமா போத்தலை விட்டார். சிகரெட்டை இன்னும் விடவில்லை.