“வேலை கிடக்கு”, “அப்ப நான் வாறன்”

கொள்ளுப்பிட்டியில் எங்கள் அலுவலக லிஃப்ட் அருகே ஓர் அக்கா தன் அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஐந்து நிமிடத்தில் மீட்டிங்; அவர் மனம் நோகாமல் பேச்சை முடிக்கவேண்டும்.

“சரி அக்கா, வேலை கிடக்கு” என்றால் உண்மைதான். ஆனால் அவர் கதை பாதியில் நிற்கும், முகம் சட்டென்று சுருங்கும். எதிரில் நிற்பவரும் அவசரத்தில் இருந்தால் மட்டும் இது சரி.

நான் சொன்னது வேறு. அவர் ஒரு வசனத்தை முடிக்கும்வரை நின்று, “அப்ப அம்மாவுக்கு இனிப் பயமில்லை, என்ன?” என்றேன். “ஓம், இனிப் பரவாயில்லை” என்றார். “சந்தோஷம் அக்கா. பத்து மணிக்கு மீட்டிங், அப்ப நான் வாறன். அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ.” அவரே “ஓமோம், போயிட்டு வாங்கோ” என்று வழிவிட்டார்.

அவர் சொன்னதையே சுருக்கிச் சொன்னதால் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. “ஓம்” என்றபோது பேச்சை முடிக்க அவரும் சம்மதித்துவிட்டார். கேள்வி “ஓம்” என்ற பதிலோடு அடங்கவேண்டும். “எந்த டொக்டர்?” என்று கேட்டால் கதை மறுபடி தொடங்கிவிடும்.

“பிறகு கதைப்பம்” என்பதை, உண்மையில் கதைக்கப்போவதென்றால் மட்டும் சேர்ப்பேன்.