இரண்டு கண்ணாடிச் சீட்டு, ஒரே கண்: 18 ஆண்டுகள் சிலிண்டர் பவருடன்

கண்ணாடி போட ஆரம்பித்து 18 வருடம் ஆகிறது. பழைய சீட்டுகளை எல்லாம் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் புதுச் சீட்டு ஒன்று கைக்கு வந்தபோது பயந்தே போனேன். வலது கண்ணுக்குப் பழைய சீட்டில் இப்படி இருந்தது:

-2.00 / -1.50 x 180

புதியதில் இப்படி:

-3.50 / +1.50 x 90

ஒரே வருடத்தில் மைனஸ் இரண்டு மூன்றரை ஆகிவிட்டதே, ஆக்சிஸும் தலைகீழாக மாறிவிட்டதே என்று அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. உண்மையில் என் பவர் துளியும் மாறவில்லை. இரண்டு சீட்டும் ஒரே லென்ஸைத்தான் சொல்கின்றன. அது புரிய, மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்தது.

முதல் எண் ஸ்பியர். எல்லாத் திசையிலும் சமமாக இருக்கும் பவர் இது. மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, பிளஸ் என்றால் தூரப்பார்வை. அளவு டயாப்டரில். 1-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மீட்டரில் தூரம் கிடைக்கும். வெறும் -2.00 உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் அரை மீட்டர் வரைதான் தெளிவு. அதைத் தாண்டினால் மங்கல்.

என் கண் அவ்வளவு எளிமையானது அல்ல. கருவிழியின் வளைவு பந்து மாதிரி சமமாக இல்லாமல், முட்டையின் பக்கவாட்டைப் போல ஒரு திசையில் அதிகம், மறு திசையில் குறைவு. ஆகவே இரண்டு திசைக்கும் இரண்டு பவர் தேவை. அந்த வித்தியாசம்தான் இரண்டாவது எண்ணான சிலிண்டர். மூன்றாவது எண்ணான ஆக்சிஸ் என்பது சிலிண்டருக்குப் பவர் இல்லாத கோடு. சிலிண்டர் முழுதாக வேலை செய்வது அதற்குச் செங்குத்தான திசையில். இதைத்தான் நான் பல வருடம் மாற்றிப் புரிந்துவைத்திருந்தேன். 180 என்பது கிடைமட்டம், 90 என்பது நேர் செங்குத்து. எதிரே உட்கார்ந்து நம்மைப் பார்ப்பவரின் வலப்புறத்தில் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எண்ண வேண்டும். இரண்டு கண்ணுக்கும் இதே கணக்குதான்.

இப்போது பழைய சீட்டு. ஆக்சிஸ் 180, எனவே கிடைமட்டத்தில் வெறும் -2.00. செங்குத்தில் சிலிண்டரும் சேர்ந்து -3.50. புதுச் சீட்டில் ஆக்சிஸ் 90, எனவே செங்குத்தில் வெறும் -3.50. கிடைமட்டத்தில் -3.50 உடன் +1.50 சேர, -2.00. அதே கண்!

சிலர் சிலிண்டரை மைனஸில் எழுதுகிறார்கள், சிலர் பிளஸில். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற, ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புது ஸ்பியர் வரும். சிலிண்டரின் குறியை மட்டும் மாற்ற வேண்டும். ஆக்சிஸில் 90 கூட்ட வேண்டும். 180-ஐத் தாண்டினால் கூட்டுவதற்குப் பதில் 90 கழிக்க வேண்டும். சீட்டைக் கையால் பிரதி எடுக்கும்போது பிளஸ் குறி மைனஸ் ஆகிவிட்டால், என் கிடைமட்டப் பவர் -5.00 ஆகிவிடும். மூன்று டயாப்டர் பிழை. அதனால் குறியை மட்டும் இரண்டு முறை பார்ப்பேன்.

இந்த இரட்டைப் பவரைக் கண்ணாரப் பார்க்கவும் முடியும். கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணை மூடிக்கொண்டு, பெரிய எழுத்தில் உள்ள "ப" ஒன்றை அரை மீட்டரில் பிடித்தால், நிற்கும் இரண்டு கோடுகளும் கூர்மையாக இருக்கும். அடிக்கோடு மட்டும் பரவித் தெரியும். செங்குத்துக் கோடுகளைக் கூர்மையாக்குவது கிடைமட்டப் பவர், அதற்கு அரை மீட்டர் போதும். அடிக்கோட்டுக்கு -3.50, அதாவது சுமார் 29 சென்டிமீட்டர் வரைதான் எட்டும்.

ஆக்சிஸ் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு வட்ட ஃபிரேம் கற்றுக்கொடுத்தது. திருகு தளர்ந்து வலது லென்ஸ் உள்ளுக்குள்ளேயே சுழன்றிருக்கிறது. சதுர ஃபிரேமில் இது நடக்க வாய்ப்பில்லை. மாலையில் தலைவலி, எழுத்துக்குப் பக்கத்தில் நிழல். பவர் ஏறிவிட்டது என்றே நினைத்தேன். 1.50 சிலிண்டர் 10 டிகிரி திரும்பினால் ஏறத்தாழ அரை டயாப்டர் சிலிண்டர் திருத்தப்படாமல் நிற்கும். 30 டிகிரி திரும்பினால் முழு 1.50-உம் வேறு கோணத்தில் திரும்பி வந்துவிடும், சிலிண்டரே போடாதது போல.

கண்டுபிடித்தது கதவு நிலையை வைத்துத்தான். கண்ணாடியைக் கையில் நேராகப் பிடித்து, லென்ஸ் வழியாக நிலையின் செங்குத்து விளிம்பைப் பார்த்தேன். ஆக்சிஸ் 180-இல் இருந்தால் லென்ஸுக்குள் தெரியும் விளிம்பும் நேராகவே நிற்க வேண்டும். எனக்கு அது சாய்ந்து தெரிந்தது. கடையில் லென்ஸ்மீட்டரில் வைத்துப் பார்த்தபோது ஆக்சிஸ் 168. திருப்பி வைத்துத் திருகை இறுக்கினார்கள், அன்று மாலை தலைவலி இல்லை. என் ஆக்சிஸ் 180 என்பதால் இது எனக்குச் சரி; 180 அல்லது 90 அல்லாத ஆக்சிஸ் உள்ளவர்களுக்கு இந்தக் கதவுச் சோதனை பொருந்தாது. சரியான லென்ஸிலும் விளிம்பு சற்றுச் சாயும். அவர்கள் லென்ஸ்மீட்டரில்தான் பார்க்க வேண்டும்.