பாடசாலை நூலகத்தில் பழசைக் கழிப்பது: ஆண்டுக் கணக்கா, கையில் எடுத்துப் பார்ப்பதா?

அலுமாரி நிரம்பிவிட்டது, புதுப் புத்தகம் வைக்க இடமில்லை. பழசில் எதைக் கழிப்பது என்று யாழ்ப்பாணத்துப் பாடசாலை நூலகப் பொறுப்பாசிரியர்களைக் கேட்டால் இரண்டு கட்சி இருக்கும். பதிப்பாண்டையும் கடைசியாக இரவல் போன திகதியையும் பார்த்துக் கழிக்கச் சொல்வது ஒன்று. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வது மற்றது.

முதல் வழி டெக்சாஸ் மாநில நூலகம் பரப்பிய 'க்ரூ' முறையிலிருந்து வந்தது. நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் தூயி வகுப்பு எண் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு சூத்திரம் உண்டு. 10/3 என்றால், வெளிவந்து பத்து ஆண்டு தாண்டி, மூன்று ஆண்டாக யாரும் இரவல் எடுக்காத புத்தகம் கழிப்புக்குரியது. கணினி நூல்களுக்கு 3/X. அங்கே இரவலைப் பார்க்கவே தேவையில்லை, மூன்று ஆண்டு போனால் போதும். இதன் பலம் வேகம்தான். விண்டோஸ் 98 வழிகாட்டியையும், புளூட்டோவை ஒன்பதாவது கோளாகச் சொல்லும் 2006க்கு முந்திய வானியல் நூலையும், பழைய பாடத்திட்டத்துக்கான வினாவிடைத் தொகுப்பையும் யாரோடும் வாதாடாமல் ஒரே மாலையில் இறக்கிவிடலாம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் பெட்டி பெட்டியாக அனுப்பிய ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களில் பாதிக்கும் இதுவே போதும். அன்பளிப்பென்று கூச்சப்பட்டு வைத்திருந்தால், பிழையான தகவலைப் பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டு போகும்.

ஆனால் இங்கே திகதித் தாள் அடிக்கடி பொய் சொல்லும். கண்ணாடி அலுமாரி பூட்டியே கிடந்தால் எந்தப் புத்தகம்தான் இரவல் போகும்? இடப்பெயர்வுக்குப் பிறகு திகதித் தாளைப் புதிதாக ஒட்டித் தொடங்கிய நூலகங்களில் முன்னைய வாசகர்களின் தடமே இல்லை. ஆண்டைப் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. 1984க்கு முன் அச்சான புவியியல் நூல் ஒன்றை எடுங்கள். அதில் கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும். நாட்டில் மாவட்டங்கள் 25க்குக் குறைவாகவே இருக்கும். தரம் 9 பிள்ளைக்கு அது பிழை. ஆனால் கிளிநொச்சி தனி மாவட்டமாகுமுன் குளங்களும் குடியேற்றங்களும் எப்படி எழுதப்பட்டன என்று தேடும் உயர்தர மாணவனுக்கு அதுவே சான்று. சூத்திரம் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் அதைக் கழிப்புக் கூடையில் போடும்.

இரண்டாவது வழியின் சோதனைக் கேள்விகளும் அதே க்ரூ முறையிலேயே இருக்கின்றன: தகவல் தவறா, உருக்குலைந்ததா, புதுப் பதிப்பு வந்துவிட்டதா, அற்பமா, நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாததா, வேறெங்காவது எளிதாகக் கிடைக்குமா. கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். பக்கத்து நூலகத்தில் ஒரு பிரதி இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட கேள்வி அது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்துபோன ஊரில் அந்த நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் ஈழத்தில் அச்சான எதையும், பாடசாலை ஆண்டு மலர், அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டு நூல் உட்பட, கழிக்குமுன் noolaham.org தளத்தில் தலைப்பைத் தேடிப் பார்க்க வேண்டும். அங்கே மின்பிரதி இல்லையென்றால், அட்டையே இல்லாவிட்டாலும் அது கழிப்புக்குரியதல்ல. கட்டிவைத்து, மின்பிரதி எடுக்கக் கொடுக்கலாம்.

இந்த வழிக்கும் குறை உண்டு. நேரம் தின்னும், பார்ப்பவரின் பாசமும் குறுக்கே வரும். "நான் படிச்ச புத்தகம்" என்று பழைய ஆசிரியர் ஒருவர் சொன்னால் மறுக்க யாருக்கு மனம் வரும்? தாளின் நிலையையாவது பாசமில்லாமல் சோதிக்கலாம். எழுத்தில்லாத மூலையைச் சிறிதாக முன்னும் பின்னும் மடியுங்கள். இரண்டொரு மடிப்பிலேயே ஒடிந்தால் தாள் நொறுங்கத் தொடங்கிவிட்டது, புத்தகத்தைப் புதிதாகக் கட்டுவித்தும் பயனில்லை. கறையான் மண் ஒட்டியிருந்தால் அந்தப் புத்தகத்தை மட்டும் எடுத்தால் போதாது. பின்சுவரையும் அடுத்த தட்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கறையான் பெரும்பாலும் சுவர்வழிதான் ஏறி வரும்.

என் தீர்ப்பு: கணினி, அறிவியல், பரீட்சை வழிகாட்டிகளுக்குச் சூத்திரம். தமிழ் இலக்கியத்துக்கும் உள்ளூர் வரலாற்றுக்கும் கை. புவியியல் இரண்டுக்கும் நடுவில்: 1984க்கு முந்திய நூலைப் பாடத் தட்டிலிருந்து எடுத்து உள்ளூர்த் தட்டுக்கு மாற்றுங்கள். ஒரே நூலுக்கு நான்கு பிரதி இருந்தால் நல்லதொன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள், அதற்கு யோசிக்கவே தேவையில்லை.

எந்த வழியில் போனாலும் அரச பாடசாலையில் புத்தகம் அரச சொத்து. சேர்வேட்டில் அதன் இலக்கத்துக்கு எதிரே காரணத்தை எழுதி, பட்டியலை அதிபரிடம் கொடுத்து, வருடாந்தக் கணக்கெடுப்பில் அனுமதி வந்த பிறகுதான் பழைய கடதாசிக்காரரைக் கூப்பிடலாம்.