பீன்ஸுக்கு ஒரு முக்கு, உருளைக்கு அரைவேக்காடு

ஏற்காட்டில் அக்கா வீட்டில் ஒருநாள் மத்தியானச் சமையல் என் பொறுப்பு. அரை கிலோ பீன்ஸ், அரை கிலோ உருளைக்கிழங்கு. சேலத்தில் என் அடுப்பில் எப்படிச் செய்வேனோ அப்படியேதான் செய்தேன். பீன்ஸை இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்துத் தாளித்தேன். பச்சைப் பசேலென்று வந்தது. உருளையைத் துண்டு போட்டு, கொதி வந்ததும் ஏழு நிமிடம் வேகவிட்டு, வடித்து எண்ணெயில் வறுத்தேன். வெளியே சிவந்துவிட்டது, நடுவில் நறுக்கென்றது. "என்ன கண்ணு, கிழங்கு வேகலையே" என்றார் அக்காவின் மாமியார்.

அதே உப்பு, அதே நேரம். பீன்ஸ் ஏன் சரியாக வந்தது, கிழங்கு ஏன் வரவில்லை? சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அங்கே 95 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் சூடு நாலு டிகிரி குறைவு. அந்த நாலு டிகிரியைப் பீன்ஸ் பொருட்படுத்தவில்லை, கிழங்கு பொருட்படுத்தியது. பிளாஞ்சிங், பார்பாயிலிங் என்று சமையல்காரர்கள் இரண்டு பெயர் வைத்துப் பிரிப்பதன் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பார்வைக்கு இரண்டும் ஒரே வேலை. காய் வெந்நீருக்குள் போகிறது, முழுசாக வேகும் முன்னே வெளியே வருகிறது. ஆனால் பிளாஞ்சிங்கில் காயை வேகவைப்பது நோக்கமே இல்லை. நிறத்தைக் காப்பாற்ற வேண்டும், அல்லது தோலைக் கழற்ற வேண்டும், அல்லது காய்க்குள் இருக்கும் நொதிகளை அடக்க வேண்டும். தக்காளியை அரை நிமிடம் கொதிநீரில் போட்டுத் தோல் உரிப்பதும், பாதாமைச் சுடுநீரில் போட்டு வெள்ளையாக உரித்தெடுப்பதும் இந்த வகைதான். நடு வேகாமல் போனால் ஒன்றும் குறையில்லை. பார்பாயிலிங் அப்படியில்லை. அது சமையலின் முதல் பாதி. மீதியை வறுவலோ குழம்போ முடித்துக்கொள்ளும், ஆனால் சூடு நடு வரைக்கும் போயிருக்க வேண்டும்.

பீன்ஸை முதலில் பார்க்கலாம். அரை கிலோவுக்கு நாலு லிட்டர் தண்ணீர் வைப்பேன். அதிகம்போலத் தோன்றும். ஆனால் குறைந்த தண்ணீரில் காயைக் கொட்டினால் கொதி அடங்கி, திரும்ப வர மூன்று நாலு நிமிடம் ஆகும். அதற்குள் பீன்ஸ் வெதுவெதுப்பில் கிடந்து துவண்டுவிடும். ஒரு நிமிடத்துக்குள் மறுகொதி வந்தால் தண்ணீர் அளவு சரி. லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு. மூடி போடக் கூடாது. காய் சூடாகும்போது அதிலிருந்து அமிலம் இறங்கும், அதில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். மூடினால் உள்ளேயே தங்கும். அந்த அமிலம் பச்சையத்திலிருக்கும் மக்னீசியத்தை வெளியேற்றுவதால்தான் பச்சை மங்கிப் பாசி நிறமாகிறது. காய் உள்ளே போன அரை நிமிடத்தில் ஒரு மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். செல்களுக்கு நடுவே இருந்த காற்று வெளியேறி, மங்கலாக இருந்த பச்சை சட்டென்று பளிச்சென்றாகும். ஆறேழு நிமிடம் தாண்டினால் அந்தப் பளிச்சு போய்விடும்.

இரண்டு நிமிடத்தில் அள்ளி நேரே ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். சேலத்தில் மே மாதம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரைக் குளிர்ந்த நீர் என்று நம்பிவிடாதீர்கள். அதில் போட்ட பீன்ஸ் உள்சூட்டிலேயே மேலும் வெந்து மங்கும். ஏற்காட்டில் குழாய்த் தண்ணீரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. முழுசாக ஆறியதும் வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக்க வேண்டும்.

உடனே தாளிக்கப் போகிறோம் என்றால் மலைமேலும் இதே கணக்கு போதும். ஃப்ரீசரில் மாதக்கணக்கில் வைப்பதாக இருந்தால் கணக்கு வேறு. அங்கே நொதிகள் அடங்கியாக வேண்டும். அங்குல நீளத் துண்டுக்கு மூன்று நிமிடம், ஏற்காடு உயரத்தில் இன்னும் ஒரு நிமிடம். இதில் அவசரப்பட்டுக் குறைத்துவிட்டால், பிளாஞ்ச் செய்யாமல் வைப்பதைவிட மோசம். அரைகுறைச் சூடு நொதிகளை அடக்காமல் தூண்டிவிடும்; சீக்கிரமே வைக்கோல் வாசம் வரும்.

உருளைக்கு வருவோம். ஏறக்குறைய எல்லாமே தலைகீழ். கிழங்கைக் கொதிநீரில் போடக் கூடாது, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்ற வேண்டும். கொதிநீரில் போட்டால், நடுவுக்குச் சூடு போவதற்குள் ஓரம் குழைந்து கரையும். தண்ணீரோடு சேர்ந்து சூடேறினால் வெளிக்கும் உள்ளுக்கும் வித்தியாசம் குறைவு. கிழங்கில் இரண்டு காரியம் நடக்க வேண்டும். மாவுச்சத்து உப்ப வேண்டும். அது 60, 70 டிகிரியிலேயே நடந்துவிடும், மலையில் அதற்குத் தடையில்லை. அப்புறம், செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் இளக வேண்டும். இந்த இளக்கம்தான் மெதுவாக நடப்பது. சூடு நாலு டிகிரி குறைந்தாலும் கணிசமாகத் தாமதிக்கும். என் கிழங்கு நறுக்கென்றதற்கு அதுதான் காரணம். மூன்று சென்டிமீட்டர் துண்டுக்குச் சேலத்தில் எனக்கு ஏழு நிமிடம் போதும். ஏற்காட்டில் ஒன்பது, பத்து தேவைப்பட்டது. இப்போது கடிகாரத்தை விட்டுவிட்டுக் கத்தியைத்தான் நம்புகிறேன். முனை தடையில்லாமல் இறங்கி, நடுவில் மட்டும் லேசாகத் தட்டுப்பட்டால் எடுத்துவிடலாம். கத்தியில் குத்தித் தூக்கும்போது துண்டு தானாக நழுவி விழுந்தால் முழுசாக வெந்துவிட்டது, வறுவலில் உடையும்.

இதை ஐஸ் தண்ணீரில் போடவே கூடாது. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் வறுவல் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். குளிர்நீரில் போட்டால் மேலே ஈரம் தங்கிவிடும். எண்ணெயில் தெறிக்கும், மொறுமொறுப்பு வராது. வடித்ததும் சூட்டோடு பாத்திரத்திலேயே ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் ஆவியோடு ஈரம் போகும், உள்சூடு நடுவையும் கொஞ்சம் இளக்கும். அப்புறம் பாத்திரத்தை இரண்டு முறை குலுக்கினால் துண்டுகளின் ஓரம் சொரசொரப்பாகி, வெள்ளையாக மாவு பூத்ததுபோல ஆகும். எண்ணெயில் மொறுமொறுவென்று ஆவது அந்தப் பூச்சுதான்.

பெயரில் குழப்பம் வர நியாயமும் இருக்கிறது. நம் புழுங்கல் அரிசியை ஆங்கிலத்தில் பார்பாயில்டு என்கிறார்கள். அது நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, பிறகு குத்துவது, அரைவேக்காட்டுச் சமையல் அல்ல. ஹோட்டல் அடுக்களைகளில் விரல் விரலாக நறுக்கிய உருளையை முதல் தடவை மிதமான எண்ணெயில் போட்டு எடுப்பதையும் பிளாஞ்ச் என்றே சொல்வார்கள். வேலையைப் பார்த்தால் அது அரைவேக்காடுதான். அதனால் செய்முறைக் குறிப்பில் எந்தச் சொல் இருந்தாலும் நான் அடுத்த வரியைப் படிக்கிறேன். குளிர்நீர் என்று இருந்தால் வேக்காட்டை அங்கேயே நிறுத்தச் சொல்கிறது. வடித்து அடுத்த அடுப்புக்குப் போகச் சொன்னால் வேக்காடு தொடர வேண்டும்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டில் மீதிக் கிழங்கைப் பத்து நிமிடம் வேகவிட்டு, ஆவி போகத் திறந்து வைத்து, குலுக்கி வறுத்தேன். அக்காவின் மாமியார் ஒரு துண்டை விரலால் இரண்டாகப் பிட்டார். மேலோடு சத்தத்தோடு உடைந்தது, உள்ளே மாவாக இருந்தது.