சீப்பான ரீசார்ஜ் எது? இரண்டு வருடம் இரண்டு சிம்மோடு அல்லாடிய கதை

போன வாரம் சித்தி போனில் கேட்டார், "டேய், இருக்கிறதிலேயே சீப்பான நெட் பிளான் எதுடா?" அவ்வளவுதான், வேறு ஒரு விவரமும் இல்லை. இதே கேள்வியோடுதான் நானும் 2024 கடைசியில் 199 ரூபாய் பேக் போட ஆரம்பித்தேன். 28 நாளுக்கு மொத்தமே 2 ஜிபி டேட்டா, கால் அன்லிமிடெட்.

ஒரு நாளைக்கு 7 ரூபாய் சொச்சம் என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் 2 ஜிபி முதல் வாரத்திலேயே காலி. அப்புறம் பஸ்ஸில் போகும்போது ஒரு நாளைக்கு மட்டும் செல்லும் 22 ரூபாய் டேட்டா பேக், மாதத்துக்கு ஆறு ஏழு தடவை. ஆறு என்று வைத்தாலே 199-உம் 132-உம் சேர்ந்து 331. அதே சமயம் தினம் 1.5 ஜிபி தரும் 84 நாள் பேக் 859 ரூபாய், அதாவது 28 நாளுக்கு 286 தான். யுபிஐயில் பழைய ரீசார்ஜ்களைக் கூட்டிப் பார்த்த அன்றுதான் இது உறைத்தது. மாதம் என்று நினைத்துப் போடும் 28 நாள் பேக்கை வருடத்துக்கு 13 தடவை போட வேண்டியிருக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

சரி, அப்போ 84 நாள் பேக்கே போட்டுவிடலாமா? அங்கேயும் மாட்டினேன். விலை குறைவு என்று இன்னொரு நிறுவனத்துக்கு மாறி, மாறிய அன்றே நீண்ட பேக் போட்டேன். தெருவில் சிக்னல் நன்றாக வந்தது, வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு புள்ளிதான், ஓடிபி வாங்கவே மொட்டை மாடிக்கு ஓட வேண்டும். PORT என்று எழுதி நம்பரையும் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் வரும் கோடை வைத்து வேறு நிறுவனத்துக்கு மாறலாம், ஆனால் ஒரு நிறுவனத்தில் 90 நாள் இருந்தால்தான் விடுவார்கள். என் பேக் 84 நாளில் முடிந்தது, மீதி ஆறு நாளுக்கு இன்னொரு சின்ன பேக்! சீக்கிரமே மாற முடிந்தாலும், பேக்கில் மிச்சமிருக்கும் நாட்கள் புது நிறுவனத்துக்கு வராது. இப்போதெல்லாம் முதலில் 28 நாள் பேக் போட்டு, படுக்கையறை, ஆபீஸ், ஊர் மூன்றிலும் பார்த்துவிட்டுத்தான் நீண்ட பேக்குக்குப் போகிறேன்.

அப்பாவுக்கு எதிர்க்கதை. வீட்டில் வைஃபை இருக்கிறது, அவர் வெளியே போய் நெட் பார்ப்பதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுக்குப் பிறகு 2025 ஜனவரியில் வந்த, டேட்டாவே இல்லாத கால், எஸ்எம்எஸ் பேக்தான் அவருக்குச் சரி. எனக்கு நஷ்டமான 199 பேக்கூட அவருக்கு அதிகம்தான்.

அதனால் சித்தியிடம் பிளான் எதுவும் சொல்லவில்லை. போன் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜைத் திறந்து, வைஃபை கணக்கை விட்டுவிட்டு மொபைல் டேட்டா மட்டும் போன மாதம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். 900 எம்பி. "யூட்யூபெல்லாம் வீட்டு வைஃபைலதான்டா பாப்பேன்" என்றார். வீட்டுக்குள் சிக்னலும் பிரச்சினை இல்லையாம். நான் திட்டிக்கொண்டே போட்ட அந்த 199 பேக்கைத்தான் அவருக்குப் போட்டுவிட்டேன்.