'எரிபொருள் செலவு 12% குறைப்பு' எதிர் 'மைலேஜ் 3.8-இலிருந்து 4.1': எந்த விவரக்குறிப்பு நிற்கும்?

வாகனப் பிரிவு மேலாளர் வேலைக்கு வரும் விவரக்குறிப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. முதல் வகை இப்படி இருக்கும்: '120 வாகனங்களை நிர்வகித்தேன், எரிபொருள் செலவை 12% குறைத்தேன், 98% சரியான நேரத்தில் விநியோகம், ஜிபிஎஸ் அனுபவம் உண்டு.' இரண்டாவது வகையில் எண்கள் சிறியவை, வாக்கியங்கள் நீளமானவை: 'சொந்த லாரி 40, அட்டாச்டு வண்டி 25, சொந்த லாரிகளில் மைலேஜ் லிட்டருக்கு 3.8 கி.மீ.யிலிருந்து 4.1 ஆனது.' பார்வைக்கு முதலாவது கம்பீரமானது. நேர்காணலில் நிற்பது இரண்டாவது.

டீசலிலேயே இது தெளிவாகிவிடும். 2021 நவம்பரில் மத்திய அரசு டீசல் மீதான கலால் வரியில் லிட்டருக்கு 10 ரூபாய் குறைத்தது. சென்னையில் 102 ரூபாயை ஒட்டி இருந்த விலை ஒரே இரவில் 91-ஐ ஒட்டி இறங்கியது. குறைப்புக்கு முந்தைய வாரத்தையும் பிந்தைய வாரத்தையும் ஒப்பிடுகிற எந்த மேலாளரும், ஒன்றுமே செய்யாமல், 'எரிபொருள் செலவு ஏறத்தாழ 11% குறைப்பு' என்று எழுதிக்கொள்ளலாம். 2022 மே மாதம் மேலும் 6 ரூபாய் வரி குறைந்தது. விவரம் தெரிந்த உரிமையாளர் அதனால்தான் சதவீதத்தைப் பார்த்ததும் எந்த மாதத்துக்கும் எந்த மாதத்துக்கும் இடையிலான கணக்கு என்று கேட்பார்.

மைலேஜுக்கு விலையேற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. 40 லாரிகள், மாதம் தலா 8,000 கி.மீ. என்றால் மொத்தம் 3,20,000 கி.மீ. 3.8 மைலேஜில் இதற்குச் சுமார் 84,200 லிட்டர் டீசல் வேண்டும், 4.1-இல் 78,000 லிட்டர் போதும். மாதம் 6,000 லிட்டருக்கு மேல் மிச்சம். விலை 91 ரூபாயாக இருந்தாலும் 102 ஆக இருந்தாலும் இந்த லிட்டர் கணக்கு மாறாது. சதவீதமாகச் சொன்னால் 7 சொச்சம்தான். 12-ஐவிடச் சிறிது என்று தயங்கத் தேவையில்லை.

மைலேஜையும் ஏமாற்ற முடியும். லோடு குறைந்த மாதத்தில், வெறும் வண்டி அதிகம் ஓடினால், மைலேஜ் தானாகவே ஏறும். ஆகவே 'அதே வழித்தடம், அதே ரக வண்டி, டேங்க் நிரப்பி அளந்த கணக்கு' என்ற அரை வரியைச் சேர்ப்பது நல்லது. அதோடு டீசல் எப்படிக் குறைந்தது என்பதும் வேண்டும்: வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுவதைக் கட்டுப்படுத்தியதா, டயர் காற்றழுத்தமா, வழியில் டேங்கிலிருந்து டீசல் திருடுவதை நிறுத்தியதா? இந்தக் காரணத்தை எழுதாத விவரக்குறிப்பில் சாதனை டிரைவர்களுடையதா, மேலாளருடையதா என்றே தெரியாது.

நேரந்தவறாமையிலும் இதே வேறுபாடுதான். '98%' என்பதில் எதைச் 'சரியான நேரம்' என்று எண்ணினார்கள் என்பது மறைந்திருக்கிறது. தாமதமாகும் என்று தெரிந்ததும் வாடிக்கையாளரிடம் புது நேரம் வாங்கிக்கொண்டு, அதற்குள் வந்ததைச் சரியான நேரக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் உண்டு. ஓசூரிலிருந்து ஒரகடம் ஆலைக்கு உதிரிபாகம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 'முதலில் குறித்த நேரத்துக்கு அரை மணிக்குள் கேட்டில் நுழைந்தவை 100-க்கு 91' என்று எழுதினால், அதை வாங்குபவரின் கேட் பதிவோடு ஒத்துப் பார்த்துவிடலாம். உள்ளே இறக்குவதற்குக் காத்திருந்த நேரம் மேலாளரின் கையில் இல்லை. அதைக் கலக்காமல் தனியாகச் சொல்வதே நியாயம்.

ஜிபிஎஸ் பகுதியை இரண்டு வகையினரும் சொதப்புகிறார்கள். மென்பொருளின் பெயரை மட்டும் போட்டுவிட்டால் திரையைப் பார்த்தவரா, அதைக் கொண்டு வேலை செய்தவரா என்று தெரியாது. ஜிபிஎஸ் கருவியோடு இணைத்த டேங்க் சென்சார் மேடு பள்ளத்தில் டீசல் குலுங்கினாலே அளவு குறைந்ததாகக் காட்டும்; அந்த எச்சரிக்கைகளை எல்லாம் நம்பினால் டிரைவரோடு தினம் சண்டைதான். நின்ற வண்டியில் திடீரென இறங்கிய அளவை மட்டும் எடுத்து, அதே இடத்தில் எத்தனை முறை என்று பார்த்தவர் ஒரு வரியில் அதைச் சொல்லலாம். கருவியின் மின்இணைப்பைக் கழற்றினால் வரும் எச்சரிக்கைக்கு யார், எவ்வளவு நேரத்தில் போன் செய்தார்கள் என்பதும் மென்பொருளின் பெயரைவிட அதிகம் பேசும்.

முதல் வகைக்கும் ஓர் இடம் உண்டு. பெரிய நிறுவனங்களில் முதலில் புரட்டுபவர் மனிதவளப் பிரிவில் இருப்பவர். அவருக்கு லிட்டருக்கு 4.1 என்பது நல்லதா கெட்டதா என்று தெரியாது. எனவே மேலே ஒரு வரியில் '7% டீசல் குறைப்பு' என்று போட்டு, அடியில் லிட்டர் கணக்கைத் தரலாம். வாகன எண்ணிக்கையை மட்டும் எங்கேயும் ஊதக் கூடாது. சீசனுக்கு வாடகைக்குப் பிடித்த மார்க்கெட் வண்டிகளையும் கூட்டி 120 என்று எழுதியவர், டயர் வாங்கியதும் காப்பீடு புதுப்பித்ததும் எத்தனை வண்டிக்கு என்ற அடுத்த கேள்வியிலேயே 40-க்கு இறங்கிவிடுவார்.