தறி இல்லாத வீடும் நடுக்கட்டமும்: மூன்று வகைப் படிவங்கள், ஓர் ஒப்பீடு

பல்லடம் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கணக்குப் பாடத்தைப் பற்றியும் வீட்டில் படிப்பதைப் பற்றியும் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, போன வருடம் பத்து வாக்கியங்களில் ஒரு படிவம் தயாரித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். ஒரு முனையில் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’, அதற்கு 5; மறுமுனையில் ‘முற்றிலும் மறுக்கிறேன்’, அதற்கு 1; நடுவில் ‘நடுநிலை’, அதற்கு 3. கொடுத்த இரண்டாவது நிமிடமே முன்பெஞ்சுப் பையன் எழுந்துவிட்டான். “டீச்சர், நம்மளது உயர்நிலைப் பள்ளிதானுங்க. இதுல நடுநிலைன்னு போட்டிருக்குதுங்க?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவன் கேட்டது நியாயம். எட்டாவது படிக்கும் பிள்ளை அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடப் பலகையில்தான் பார்த்திருக்கும். ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1932இல் இந்த அளவுகோலை வெளியிட்டபோது நடுவில் வைத்தது ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்ற பொருள் தரும் சொல். அது ‘நடுநிலை’ ஆனது பின்னால் வந்த பழக்கம்.

அந்தப் படிவத்தில் பத்து வாக்கியமும் ஒரே திசையில் இருந்தன: கணக்கு பிடிக்கும், கணக்கு புரிகிறது, சந்தேகம் வந்தால் கேட்கிறேன், இப்படி. இதுதான் முதல் வகை. எழுத எளிது, கூட்டவும் எளிது. ஒரு பெண் பத்துக்கும் 4 போட்டிருந்தாள், ஐம்பதுக்கு நாற்பது. பெயர் எழுத வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் பத்து மாதம் நோட்டுத் திருத்திய வாத்தியாருக்கு வட்டம் போட்ட விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும். வீட்டுக்கணக்கு நோட்டை அவள் காட்டியதே அபூர்வம்.

பொய் சொன்னாள் என்று நான் சொல்ல மாட்டேன். எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளும் பக்கமே சாய்வதை ஆமோதிப்புச் சாய்வு என்பார்கள். எங்கள் ஊரில் பெரியவர் ஒன்று சொன்னால் முதலில் வாயில் வருவது ‘சரிங்க’. அது மரியாதை, சம்மதம் அல்ல. கேட்பது வகுப்பு டீச்சர், தாளை வாங்குவதும் அவரே என்றால் காகிதத்திலும் அந்தச் ‘சரிங்க’தான் விழும். மரியாதை மட்டுமே காரணமும் இல்லை. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு வாக்கியத்தை எடைபோடுவதைவிட ஒரே வரிசையில் வட்டம் போட்டு முடிப்பது சுலபம்.

இதற்குப் பழைய மருந்து, வாக்கியங்களில் பாதியை எதிர்த்திசையில் எழுதுவது. லிக்கர்ட்டே சொன்னதுதான். இதை இரண்டாவது வகை என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்திசை வாக்கியங்களுக்கு மதிப்பெண்ணை 6 − x என்று திருப்பிக் கூட்ட வேண்டும். 4 போட்டால் 2 ஆகும். இதே பெண் இந்தப் படிவத்திலும் பத்துக்கும் 4 போட்டால், நேர் வாக்கியம் ஐந்துக்கு 20, எதிர் வாக்கியம் ஐந்துக்கு 10, மொத்தம் 30. போலியான நாற்பது போய்விட்டது.

ஆனால் சாய்வு போகவில்லை, ஒளிந்துகொண்டது. பத்துக்கும் நடுவிலேயே 3 போட்ட பிள்ளைக்கும் 30தான் வரும். ஒருத்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், இன்னொருத்தி எதற்கும் பிடி கொடுக்கவில்லை. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்று. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. திருப்புவதற்கு முன்னால், போட்டது போட்டபடி பத்தையும் கூட்டிப் பாருங்கள். வாக்கியங்கள் ஜோடி ஜோடியாக எதிரெதிராக இருந்தால், யோசித்துப் பதில் சொன்ன பிள்ளைக்கு அந்தத் தொகை 30ஐ ஒட்டியே வரும். முதல் பெண்ணுக்கு 40 வரும். தலையாட்டல் அங்கே பிடிபடும்.

தமிழில் இந்த வகைக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. நம் எதிர்மறை சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘பிடிக்கும்’, ‘பிடிக்காது’ இரண்டும் தொடங்குவது ஒன்றுபோல. வேகமாக வாசிக்கும் கண் வால் வரை போகாது. அப்படியே போனாலும், “கணக்கு புரியவில்லை” என்பதை மறுப்பது எப்படி? வாய்ப்பேச்சில் “புரியலையா?” என்று கேட்டால் “ஆமாங்க” என்றாலும் புரியவில்லை, “இல்லீங்க” என்றாலும் பெரும்பாலும் புரியவில்லைதான். காகிதத்தில் மட்டும் ‘மறுக்கிறேன்’ என்றால் புரிகிறது என்று பொருள் கொள்கிறோம். அதனால் எதிர் வாக்கியம் வேண்டுமானால் ‘இல்லை’, ‘ஆது’ சேர்க்காமல் எதிர்க் கருத்தையே எழுத வேண்டும்: “கணக்குப் பீரியட் வந்தாலே அலுப்பாக இருக்கிறது.”

சரி, நடுக்கட்டத்துக்கு வருவோம். இன்னொரு படிவத்தில் “வீட்டில் தறிச் சத்தம் படிப்பைக் கெடுக்கிறது” என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அதற்கு மட்டும் நடுவில் ஏகப்பட்ட வட்டம். அப்புறம் ஒரு பையனிடம் கேட்டேன். “எங்கூட்ல தறியே இல்லீங்க டீச்சர். அதான் நடுவுல போட்டனுங்க.” கொஞ்சம் தொந்தரவு என்பவன், முடிவு செய்யாதவன், கேள்வி புரியாதவன், சொல்ல விரும்பாதவன், தறியே இல்லாதவன் எல்லோரும் ஒரே கட்டத்தில். இந்த 3ஐச் சராசரியில் சேர்த்தால், தறி இல்லாத வீட்டுக்கும் பாதிச் சத்தத்தை ஏற்றிவிடுகிறோம்.

நடுவை எடுத்துவிட்டு நான்கு கட்டம் வையுங்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். செய்து பார்த்தேன், எனக்கு ஒப்பவில்லை. தறி இல்லாத பையன் ஏதோ ஒரு பக்கம் போயாக வேண்டும். உடன்படும் படிவத்தில் அவன் ‘சரிங்க’ பக்கம் போகவே வாய்ப்பு அதிகம். நடுவில் இருந்த குழப்பம் சாய்வாக மாறுகிறது, அவ்வளவுதான். கூடவே நான் செய்த கூத்து ஒன்று: நான்கு கட்டத்துக்கு மாறியபின்னும் கணினித் தாளில் பழைய `=6-C2` அப்படியே கிடந்தது. `=5-C2` ஆக்கியிருக்க வேண்டும். நான்கு கட்டப் படிவத்தில் 5 என்று ஒரு மதிப்பெண் எட்டிப் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

இப்போது நான் பயன்படுத்துவது மூன்றாவது வகை. உடன்படுகிறாயா என்றே கேட்பதில்லை. விஷயத்தையே கேட்டு, அதற்குரிய விடைகளைத் தருகிறேன். “போன வாரம் எத்தனை நாள் வீட்டில் கணக்குப் போட்டாய்?” ஒரு நாளும் இல்லை, 1–2 நாள், 3–4 நாள், 5 நாளோ அதற்கு மேலோ. தலையாட்ட வாக்கியமே இல்லை. தறிக்கு இப்படி:

எங்கள் வீட்டில் தறி இல்லை / தறி உண்டு, தொந்தரவு இல்லை / கொஞ்சம் தொந்தரவு / மிகவும் தொந்தரவு

முதல் விடைக்கு மதிப்பெண் கிடையாது, தனியாக எண்ணிக்கொள்வேன். ‘கொஞ்சம்’ என்பது இங்கே உண்மையாகவே நடு. அதற்கு ஒரு பொருள்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் விடை வேறு என்பதால் தாள் இரண்டு பக்கம் போகிறது. பத்தையும் சும்மா கூட்டி ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. போன வருடத்துப் படிவத்தோடு ஒப்பிடவும் வழியில்லை. எம்.எட். ஆய்வுக்குப் பழைய அளவுகோலையே பயன்படுத்தியாக வேண்டியவர்களுக்கு, ‘இல்லை’ சேராத எதிர் வாக்கியங்களோடு இரண்டாவது வகைதான் கைகொடுக்கும். டீச்சரிடம் தன்னை நல்ல பிள்ளையாகக் காட்டும் பதிலை மூன்றாவது வகையும் தடுக்காது. அதனால் தாளை நான் வாங்குவதில்லை. மேசைமேல் இருக்கும் அட்டைப்பெட்டியில் மடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

பத்துக்கும் 4 போட்ட பெண்ணின் தாளும் அதில் இருந்தது. கணக்குப் போட்டது ‘1–2 நாள்’, தறி ‘மிகவும் தொந்தரவு’.